அத்தியாயம் 4: வாசகமா, வாக்கா?

இந்த அத்தியாயத்துக்குள் நுழையும் முன் உங்கள் நிறுவனத்தின் விஷன், மிஷன் இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வரவேற்பறையில் மாட்டியிருப்பதைப் பார்க்காமல் எழுத முடிகிறதா என்று முதலில் முயலுங்கள். வரவில்லை என்றால் எழுந்துபோய்ப் பார்த்து எழுதலாம். இனி செய்யப்போகிற எல்லாச் சோதனைகளுக்கும் அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.

விஷன் என்பது தொலைநோக்கு. உலகின் ஏதோ ஒரு மூலையாவது ஒருநாள் எப்படி மாறியிருக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோமோ அது. மிஷன் என்பது பணிநோக்கம். அந்த மாற்றத்துக்காக நாம் யாருக்கு, என்ன செய்கிறோம் என்பது. எந்த வாக்கியம் விஷன், எந்த வாக்கியம் மிஷன் என்று வாதாடியே அரை நாளைக் கழிக்கும் கூட்டங்கள் உண்டு. அந்த வாதத்தில் பெரிய பயன் இல்லை. இரண்டையும் ஒரே கேள்வியால்தான் சோதிக்கப்போகிறோம்.

கேள்வி இதுதான். நிறுவனத்துக்குள் இரண்டு நல்ல விஷயங்கள் மோதும்போது, எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று இந்த வாக்கியம் சொல்கிறதா? நல்லதும் கெட்டதும் மோதினால் முடிவெடுக்க யாருக்கும் வாசகம் தேவையில்லை. விலை குறைவா, ஆயுள் அதிகமா? புதிய ஊரா, பழைய வாடிக்கையாளரா? இந்த மாதிரி மோதல்களில்தான் ஒரு வாக்கியம் வேலை செய்கிறதா, சும்மா தொங்குகிறதா என்பது தெரியும். வேலை செய்தால் அது வாக்கு. இல்லையென்றால் வாசகம்.

மூன்று சோதனைகள் இருக்கின்றன. முதலாவதைத் தனியாக, பத்து நிமிடத்தில் செய்யலாம். இரண்டாவதற்கு ஏழெட்டுப் பேரும் அரை நாளும் வேண்டும். மூன்றாவதற்குக் கணக்குப் புத்தகங்கள் வேண்டும்.

சோதனை 1: தலைகீழாக்கிப் பார்த்தல்

உங்கள் வாக்கியத்தில் உள்ள ஒவ்வொரு முக்கியச் சொல்லையும் அதன் எதிர்ச்சொல்லால் மாற்றுங்கள். பிறகு, இப்படிச் சொல்லித் தொழில் நடத்தும் மரியாதையான நிறுவனம் ஒன்று இருக்க முடியுமா என்று கேளுங்கள்.

"தரமான பொருள்களை நேர்மையாக வழங்குவோம்" என்பதைத் தலைகீழாக்கினால் "மட்டமான பொருள்களை ஏமாற்றி விற்போம்" என்று வரும். இதைப் பலகையில் எழுதி மாட்டுபவர் யாரும் இல்லை. எதிர்ப்பக்கத்தில் நிற்க ஆளே இல்லாத இடத்தில் நாம் மட்டும் நிற்பதால் எந்தத் தேர்வும் நடந்துவிடவில்லை. நேர்மையும் தரமும் தேவையில்லை என்பதல்ல இதன் பொருள். அவை எல்லாத் தொழிலுக்கும் நுழைவுச் சீட்டு. உங்கள் நிறுவனத்தைப் பற்றி அவை தனியாக எதையும் சொல்வதில்லை.

இப்போது ஸ்வீடனில் பிறந்த ஐக்கியா நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். பெருந்திரளான சாதாரண மக்களின் அன்றாட வாழ்க்கையை மேம்படுத்துவது என்பது அதன் தொலைநோக்கின் சாரம். தலைகீழாக்கினால், வசதி படைத்த ஒரு சிலருக்கு அபூர்வமான மரச்சாமான் செய்வது என்று வரும். இது கௌரவமான தொழில். தேக்கில் கடைந்து, ஒரு மேசைக்கு ஒரு மாதம் எடுத்துக்கொண்டு, அதற்குரிய விலை வாங்கும் தச்சர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அந்த நல்ல வழியை விட்டுவிட்டு இந்த வழியை ஐக்கியா எடுத்திருக்கிறது. மரச்சாமானைத் தட்டையான பெட்டியில் கொடுத்து, வாங்குபவரையே பூட்டிக்கொள்ளச் சொல்வது இந்தத் தேர்வோடு ஒட்டிய ஏற்பாடுதான். பூட்டும் கூலியும், ஏற்றிச்செல்லும் இடமும் மிச்சமானால்தான் பெருந்திரளுக்குக் கட்டுப்படியாகும் விலை வரும்.

மறுமுனையில் அமெரிக்காவின் வீவொர்க் இருக்கிறது. அலுவலகக் கட்டடங்களை நீண்ட குத்தகைக்கு எடுத்து, சிறு துண்டுகளாகப் பிரித்து மாத வாடகைக்கு விடுவது அதன் தொழில். 2019-ல் பங்குச் சந்தைக்கு வர அது தாக்கல் செய்த ஆவணம், உலகின் விழிப்புணர்வை உயர்த்துவதே தன் பணிநோக்கம் என்றது. இதைத் தலைகீழாக்கிப் பயனில்லை. நேராக நிறுத்தினாலே அதில் வாடகை, கட்டடம், குடியிருப்பவர் என எதுவும் கண்ணில் படவில்லை. எந்தக் கட்டடத்தைக் குத்தகைக்கு எடுக்கலாம், எதை விடலாம் என்று அந்த வாக்கியத்தை வைத்து ஒருவராலும் முடிவு செய்திருக்க முடியாது. அந்தப் பங்கு வெளியீடு அதே ஆண்டில் கைவிடப்பட்டது. 2023-ல் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. வாசகம்தான் அதைக் கவிழ்த்தது என்று சொல்ல முடியாது. ஆனால் குத்தகைப் பாரத்தின் அளவைப் பற்றி அந்த வாசகம் யாரையும் எச்சரிக்கவில்லை என்பது உண்மை.

தலைகீழ்ச் சோதனையோடு ஒரு சிறு ஒட்டு: உங்கள் வாக்கியத்தில் நிறுவனப் பெயரை மறைத்துவிட்டு, இரண்டு போட்டியாளர்களின் வாக்கியங்களோடு கலந்து உங்கள் பழைய ஊழியர் ஒருவரிடம் கொடுங்கள். எது நம்முடையது என்று அவரால் எடுக்க முடியவில்லை என்றால், அடுத்த சோதனையின் முடிவும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

ஒரு சொல் என்ன செய்யும்: அரவிந்த் எடுத்துக்காட்டு

தேறிய வாக்கியம் எப்படி இருக்கும் என்பதற்கு மதுரையைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் பணிநோக்கம், தேவையற்ற பார்வையிழப்பை ஒழிப்பது.

இதில் கனமான சொல் 'தேவையற்ற' என்பதுதான். தடுக்கக்கூடிய, குணப்படுத்தக்கூடிய காரணத்தால் ஒருவர் பார்வையின்றி இருப்பதை அது குறிக்கிறது. இந்தியாவில் அப்படிப்பட்ட பார்வையிழப்புக்கு முதல் காரணம் கண்புரை. ஒரு சிறு அறுவைச் சிகிச்சையில் தீரக்கூடியது. ஆக, அந்த ஒற்றைச் சொல் மருத்துவமனையின் முதல் வேலை எது என்று காட்டிவிடுகிறது. தலைகீழாக்கினாலும் அர்த்தமுள்ள மாற்று வரும்: மிக அரிதான, சிக்கலான கண் நோய்களுக்கான உச்ச மருத்துவமனை. அதுவும் உயர்ந்த பணிதான். அரவிந்திலும் சிக்கலான நோய்களுக்குச் சிகிச்சை உண்டு. ஆனால் பெயர் சொல்லும் வேலையாக எண்ணிக்கை மிகுந்த கண்புரையைத்தான் அது முன்னால் வைத்தது.

அதன் விளைவுகளைப் பாருங்கள். ஒரு மருத்துவர் நாளொன்றுக்கு எத்தனை அறுவைச் சிகிச்சை செய்ய முடியும் என்பது பிரச்சினை ஆனது. அதனால் இரண்டு மேசைகளை அருகருகே போட்டு, ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளியைத் தயார் செய்யும் முறை வந்தது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதியில் வந்ததால் விலை எட்டவில்லை. அதனால் 1992-ல் ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்கூடம் தொடங்கப்பட்டு விலை பல மடங்கு குறைந்தது. தன் முறைகளைப் பிற மருத்துவமனைகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தனிப் பயிற்சி நிறுவனத்தையும் அரவிந்த் நடத்துகிறது. 'முன்னணி மருத்துவமனையாகத் திகழ்வது' என்று எழுதி வைத்திருந்தால் இந்தக் கடைசி வேலை பைத்தியக்காரத்தனம். போட்டியாளருக்கு யாராவது பாடம் நடத்துவார்களா? பார்வையிழப்பை ஒழிப்பதுதான் நோக்கம் என்றால், அறுவைச் சிகிச்சையை யார் செய்தாலும் கணக்கில் சேரும்.

இன்னொரு விளைவுதான் என்னை அதிகம் கவர்ந்தது. அரவிந்தின் கிராமக் கண் சிகிச்சை முகாம்களில் கூட்டம் நிரம்பி வழிந்தது. சாதாரண நிறுவனம் அந்தக் கூட்டத்தை எண்ணி மகிழ்ந்திருக்கும். ஆனால் சிகிச்சை தேவைப்படுகிறவர்களில் பத்தில் ஒருவர்கூட முகாமுக்கு வருவதில்லை என்பதை 1990களின் இறுதியில் ஓர் ஆய்வு காட்டியது. பார்வையிழப்பை ஒழிப்பது என்று சொன்னவருக்கு வந்தவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருக்க முடியாது, வராதவர்கள்தான் கணக்கு. பிறகு கிராமப்புறங்களில் நிரந்தரக் கண் பரிசோதனை மையங்கள் திறக்கப்பட்டன. திட்டவட்டமான வாக்கியம் ஒரு நிறுவனத்தை அதன் வெற்றியைக்கூட இப்படிச் சந்தேகத்தோடு பார்க்க வைக்கும்.

சோதனை 2: வழக்குகளைத் தீர்க்கச் சொல்லுதல்

தலைகீழ்ச் சோதனை வாக்கியத்தை மட்டும் பார்க்கிறது. இரண்டாவது சோதனை, அந்த வாக்கியத்தைப் படிக்கும் மனிதர்களையும் பார்க்கிறது. செய்முறை இப்படி:

1. கடந்த ஓராண்டில் நிறுவனத்துக்குள் உண்மையாகவே சண்டை வந்த மூன்று முடிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரு பக்கத்திலும் நியாயம் இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் நான்கைந்து வரியில் எழுதுங்கள். முடிவு என்ன ஆனது என்பதை எழுதாதீர்கள்.

2. ஏழெட்டுப் பேரை உட்கார வையுங்கள். மேலாளர்கள் மட்டும் போதாது. விற்பனை, சர்வீஸ், கணக்கு, கொள்முதல், சரக்கு அனுப்பும் பிரிவு எனப் பல மேசைகளிலிருந்தும் ஆள் வேண்டும்.

3. ஒவ்வொருவரும் தனித்தனியாக, பேசிக்கொள்ளாமல், ஒவ்வொரு வழக்குக்கும் தீர்ப்பையும், எந்தச் சொல்லை வைத்து அந்தத் தீர்ப்புக்கு வந்தார் என்பதையும் ஒரு சீட்டில் எழுத வேண்டும். சொந்த அபிப்பிராயம் வேண்டாம். வாக்கியம் என்ன சொல்கிறது என்பது மட்டும்.

4. முதலாளி கடைசியாகத் தன் சீட்டைக் கொடுக்க வேண்டும். அவர் முதலில் வாயைத் திறந்தால் சோதனை அத்தோடு முடிந்தது.

சீட்டுகளைப் பிரிக்கும்போது எத்தனை பேர் எந்தப் பக்கம் என்பதைவிட, எந்தச் சொல்லைக் காட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒரே வாக்கியத்தை வைத்து இரு கட்சியும் சம பலத்தோடு வாதாட முடிந்தால் அது வாசகம்தான். ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்து இதை முழுதாகச் செய்து பார்ப்போம்.

செய்து காட்டல்: ஒரு பம்ப் தொழிற்சாலை

கோவையில் ஆழ்துளைக் கிணற்றுக்கான நீர்மூழ்கி மோட்டார் செய்யும் நடுத்தரத் தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 6,000 மோட்டார். ஒன்றின் சராசரி விலை 30,000 ரூபாய். மொத்த விற்பனை 18 கோடி. வாங்குபவர்களில் பெரும்பாலோர் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் விவசாயிகள். அவர்களின் விஷன்: "நீர் மேலாண்மைத் துறையில் உலகத் தரம் வாய்ந்த புதுமையான தீர்வுகளை வழங்கும் முன்னணி நிறுவனமாகத் திகழ்வது." மிஷன்: "தரம், நேர்மை, தொடர் முன்னேற்றம் ஆகியவற்றின் வழியே வாடிக்கையாளர் திருப்தியை உறுதிசெய்வது."

தலைகீழ்ச் சோதனையில் ஒரு சொல்கூடத் தேறாது என்பது பார்த்த உடனே தெரிகிறது. ஆனால் முதலாளிக்கு அதைச் சொன்னால் போதாது. "இருந்துட்டுப் போகுதுங்க, நல்ல வார்த்தைதானே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்பார். நஷ்டத்தைக் காட்டத்தான் வழக்குகள்.

வழக்கு ஒன்று. வடமாநில டீலர் ஒருவர், விலையை 12 சதவீதம் குறைத்தால் 2,000 மோட்டார் எடுப்பதாகச் சொல்கிறார். செம்புக் கம்பியை மெலிதாக்கினால் விலை இறங்கும். மோட்டாரின் தாங்கும் சக்தியும் இறங்கும்.

வழக்கு இரண்டு. மே மாதம். ஐந்து மாதத்துக்கு முன் வாங்கிய மோட்டார் எரிந்துவிட்டது. மூன்று பேஸிலும் அழுத்தம் தாழ்ந்து, காயில் போய்விட்டது என்று மெக்கானிக் எழுதியிருக்கிறார். குறைந்த மின்னழுத்தத்துக்கு வாரண்டி கிடையாது என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறது. தோட்டத்தில் வாழை வாடுகிறது. மாற்றிக் கொடுப்பதா?

வழக்கு மூன்று. வடிவமைப்பு இன்ஜினியர் ஒருவரின் ஓராண்டு உழைப்பு கையில் இருக்கிறது. அடுக்குமாடி வீடுகளுக்குச் செல்போனில் இயக்கும் பிரஷர் பம்ப் செய்வதா, மின்னழுத்தம் தாழ்ந்தாலும் தாங்கும் விவசாய மோட்டார் செய்வதா?

ஏழு பேரின் சீட்டுகள் வருகின்றன. முதல் வழக்கில் நால்வர் ஆர்டரை எடுக்கச் சொல்கிறார்கள். அவர்கள் காட்டும் சொல் 'முன்னணி'. மூவர் வேண்டாம் என்கிறார்கள். காட்டும் சொல் 'தரம்'. இரண்டாவதில் மாற்றிக்கொடு என்பவர்கள் 'வாடிக்கையாளர் திருப்தி'யைக் காட்டுகிறார்கள். மறுப்பவர்கள் 'நேர்மை'யைக் காட்டுகிறார்கள்: அட்டையில் எழுதியபடி நடப்பதுதானே நேர்மை? மூன்றாவதில் இரு தரப்பும் 'புதுமை'யையே காட்டுகின்றன. ஆளுக்கொரு சொல்லைக் கொடுத்து அனைவரையும் சரி என்று ஆக்கிவிட்டது அந்த வாக்கியம். அப்படியென்றால் நடைமுறையில் யார் தீர்ப்பு நிற்கும்? அன்று அறையில் யார் குரல் பெரிதோ அவர் தீர்ப்பு. முதலாளி கேட்ட நஷ்டம் இதுதான்.

இனித் திருத்தி எழுத வேண்டும். புதிய வாக்கியத்தை வார்த்தைகளிலிருந்து தொடங்காதீர்கள். நீங்கள் பெருமைப்படும் ஒரு பழைய முடிவிலிருந்து தொடங்குங்கள். நம் தொழிற்சாலையில் சர்வீஸ் மேலாளர் ஒன்றைச் சொல்கிறார்: "விவசாயத்துக்கு இங்க கரண்ட் இலவசம். மின்சாரம் மிச்சமாகும்னு சொன்னா அவரு காதுல ஏறாது. அவருக்குப் பயம் ஒண்ணே ஒண்ணுதான். மோட்டார் எரிஞ்சா, அறுநூறு அடியிலிருந்து தூக்கி, காயில் கட்டி, மறுபடி இறக்கறதுக்குள்ள ஒரு வாரம் போயிரும். பயிரும் போயிரும்."

அதிலிருந்து வந்த வாக்கியம்: "எங்கள் மோட்டாரை நம்பிப் பயிர் வைத்த விவசாயியின் தோட்டத்தில், மோட்டார் எரிந்தாலும் 48 மணி நேரத்துக்குள் மறுபடி தண்ணீர் பாய வேண்டும். எரியாமல் இருக்கச் செய்வது எங்கள் முதல் வேலை."

இதைத் தலைகீழாக்கினால்? 'மிகக் குறைந்த விலையில் மோட்டார். பழுதானால் உள்ளூர் மெக்கானிக் பார்த்துக்கொள்வார்.' இது நேர்மையான, லாபகரமான தொழில்தான், பலர் செய்கிறார்கள். ஆக, தேர்வு நடந்திருக்கிறது. அதே வழக்குகளை மறுபடி கொடுத்தால், மெலிந்த கம்பி ஆர்டரை ஆறு பேர் மறுக்கிறார்கள். வாழைத் தோட்டத்துக்கு மோட்டாரை மாற்றித் தர ஏழு பேரும் சொல்கிறார்கள். இன்ஜினியர் விவசாய மோட்டாருக்குப் போகிறார். ஒருவர் இன்னும் மாறாமல் இருப்பது நல்லது. அவர் எந்த இடத்தில் வேறுபடுகிறார் என்று கேட்டால் வாக்கியத்தில் உள்ள ஓட்டை தெரியும். இங்கே அவர் கேட்டது: "வடக்கில் வாங்குபவரும் விவசாயிதானே? அவருக்கும் 48 மணி நேரமா?" முடியாது, அங்கே சர்வீஸ் ஆளே இல்லை. எனவே வாக்கியத்தில் நான்கு மாவட்டப் பெயர்களும் ஏறின. முதலாளிக்கு அது உறுத்தியது. 'உலகத் தரம்' இருந்த இடத்தில் 'கரூர்' வந்தால் உறுத்தத்தான் செய்யும். ஆனால் உலகத்துக்கு இந்த வாக்கைக் கொடுக்க அவரிடம் ஆள் இல்லை.

அடுத்து விலை. வாக்கு என்று எழுதிவிட்டால் அதற்கு என்ன செலவாகும் என்று கணக்குப் போட முடியும்; வாசகத்துக்கு அது முடியாது. நூற்றுக்கு ஐந்து மோட்டார் வாரண்டிக் காலத்தில் எரிகிறது என்றால், ஆண்டுக்கு 300. தூக்கி, மாற்று மோட்டார் இறக்கி, பழையதைச் சரிசெய்ய ஒன்றுக்கு 18,000 ரூபாய் என்றால் 54 லட்சம். விற்பனையில் மூன்று சதவீதம். அதை விலையில் ஏற்றினால் மோட்டாருக்கு 900 ரூபாய் கூடும். "அண்ணே, தொள்ளாயிரம் ஏத்தினா டீலர் சத்தம் போடுவாரு" என்று விற்பனைப் பிரிவு சொல்லும். அந்தச் சத்தத்தைத் தாங்கத் தயாரா என்பதே இப்போது முதலாளியின் முன்னால் உள்ள கேள்வி. தயாரில்லை என்றால் வாக்கியத்தை மாற்றட்டும். 48-ஐ 96 ஆக்கட்டும். நிறைவேற்ற முடியாத 48-ஐவிடச் செய்துகாட்டும் 96 மேல்.

சோதனை 3: பேரேட்டைப் புரட்டுதல்

முதல் இரண்டு சோதனைகளிலும் தேறிய வாக்கியம் பொய்யாக இருக்க முடியும். எழுதியது தெளிவாக இருக்கிறது, ஆனால் யாரும் அதன்படி நடக்கவில்லை என்பதை வாக்கியத்தைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது. அமெரிக்காவின் என்ரான் தன் 2000-ஆம் ஆண்டறிக்கையில் மரியாதை, நேர்மை, தகவல் தொடர்பு, உன்னதம் என்று நான்கு மதிப்புகளை அச்சிட்டிருந்தது. 2001 டிசம்பரில் கணக்கு மோசடி வெளிப்பட்டுத் திவாலானது. உள்ளே நடந்தது என்ன? பல ஆண்டுகளுக்குப் பிறகு வரக்கூடும் என்று மதிப்பிட்ட லாபத்தை, ஒப்பந்தம் போட்ட அன்றே வரவாக எழுதினார்கள். ஒப்பந்தம் கொண்டுவந்தவருக்கு அந்த மதிப்பீட்டை வைத்தே போனஸ் போனது. பணம் உண்மையில் வந்ததா என்று பார்ப்பவருக்குப் பரிசு எதுவும் இல்லை. நிறுவனத்தின் உண்மையான மிஷன் போனஸ் விதியில் எழுதியிருந்தது.

ஆகவே புரட்ட வேண்டிய பக்கங்கள் மூன்று. கடந்த ஓராண்டில் இந்த வாக்கியம் இல்லாவிட்டால் செய்திருக்க மாட்டோம் என்று சொல்லத்தக்க செலவு ஒன்றையாவது காட்ட முடிகிறதா? இந்த வாக்கியத்துக்காக விட்டுக்கொடுத்த ஒரு வரவைக் காட்ட முடிகிறதா? கடைசியாகப் பதவி உயர்வோ போனஸோ பெற்ற மூன்று பேர் எதைச் செய்ததற்காகப் பெற்றார்கள்? மூன்றாவது பக்கம்தான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். நம் பம்ப் தொழிற்சாலையில் விற்பனையாளரின் ஊக்கத்தொகை விற்ற மோட்டாரின் எண்ணிக்கையை மட்டும் வைத்து இருந்தால், 48 மணி நேர வாக்கு ஆறு மாதத்தில் செத்துவிடும். வேண்டாத ஆழத்துக்கு வேண்டாத மோட்டாரை அவர் தள்ளிவிடுவார். எரிந்தால் அது சர்வீஸ் பிரிவின் தலைவலி. எரிந்துவந்த மோட்டாரையும் ஊக்கத்தொகைக் கணக்கில் கழித்தால்தான் வாக்கியமும் சம்பளமும் ஒரே திசையில் இழுக்கும்.

இந்தச் சோதனையில் தேறியதற்குப் பலரும் அறிந்த சான்று ஜான்சன் அண்ட் ஜான்சன் 1982-ல் நடந்துகொண்ட விதம். 1943-ல் எழுதப்பட்ட அதன் கொள்கை அறிக்கை பொறுப்புகளை வரிசைப்படுத்துகிறது: மருந்தைப் பயன்படுத்துபவர்கள் முதலில், பிறகு ஊழியர்கள், பிறகு சமூகம், பங்குதாரர்கள் கடைசி. நல்ல விஷயங்களைப் பட்டியல் போடுவதற்கும் வரிசை போடுவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். பட்டியல் யாரையும் பகைத்துக்கொள்வதில்லை. வரிசையில் யாரோ ஒருவர் கடைசியில் நிற்க வேண்டும். சிகாகோ பகுதியில் யாரோ அதன் டைலனால் கேப்சூல் குப்பிகளில் சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தபோது, அந்நிறுவனம் நாடு முழுவதும் ஏறக்குறைய 3 கோடியே 10 லட்சம் குப்பிகளைத் திரும்ப எடுத்தது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நடந்த ஒன்றுதான் நமக்குப் பாடம். நிறுவனத்தின் தலைமையில் இருந்த ஜேம்ஸ் பர்க், 1970களில் மேலாளர்களைக் கூட்டி அந்த அறிக்கையையே விவாதத்துக்கு விட்டார். இதன்படி நடக்க முடியாது என்றால் சுவரிலிருந்து கழற்றிவிடுவோம் என்பதே அவர் வைத்த நிபந்தனை. நாம் மேலே பார்த்த வழக்குச் சோதனை அந்தக் கூட்டங்களின் சிறு வடிவம்தான். 1982-ன் முடிவு அந்த ஆண்டில் மட்டும் எடுக்கப்பட்டதல்ல. அதேசமயம், ஒருமுறை தேறியது என்றென்றைக்கும் செல்லாது. அதே நிறுவனம் பின்னாளில் டால்கம் பவுடர் தொடர்பாக ஆயிரக்கணக்கான வழக்குகளைச் சந்தித்தது. பேரேட்டை ஆண்டுதோறும் புரட்ட வேண்டும்.

சோதனை ஏமாற்றும் இடங்கள்

எண் இருப்பதாலேயே வாக்கியம் திட்டவட்டமாகிவிடாது. "2030-க்குள் 500 கோடி விற்பனை" என்பதில் தேதியும் தொகையும் இருக்கின்றன. ஆனால் மூன்று வழக்குகளையும் அதன் முன் வைத்துப் பாருங்கள். எந்த ஆர்டரையும் எடு என்பதைத் தவிர அது எதுவும் சொல்லாது. அது ஓர் இலக்கு, திட்டமிட உதவும், விஷன் என்ற இடத்தில் உட்கார வைக்கக் கூடாது. மறுபக்கம், அரவிந்தின் வாக்கியத்தில் எண்ணே இல்லை. திட்டவட்டம் அங்கே ஒரு பெயரடையில் இருக்கிறது.

இரண்டாவது, திட்டவட்டமான தொலைநோக்குக்கு ஆயுள் உண்டு. 1975-ல் தொடங்கிய மைக்ரோசாஃப்ட், ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் என்று சொன்னது. கணினி என்றால் அறை நிறைய இயந்திரம் என்று உலகம் நினைத்த காலத்தில் அது துணிச்சலான வாக்கு. பணக்கார நாடுகளில் அது பெருமளவு நிறைவேறியபின் அந்த வாக்கியத்துக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. 2015-ல் சத்ய நாதெள்ளா தலைமையில் வந்த புதிய பணிநோக்கம், உலகின் ஒவ்வொரு மனிதரும் நிறுவனமும் மேலும் சாதிக்க வலுவூட்டுவது என்று விரிந்தது. அதைத் தலைகீழாக்கிப் பாருங்கள்; பழையதைவிட எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று தெரியும். நிறைவேறிய வாக்கை மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது பெரிய நிறுவனங்களுக்கும் அகலச் சொற்களின் மீது ஆசை வருகிறது.

மூன்றாவது, இந்தச் சோதனைகள் வாக்கியம் தெளிவா என்று சொல்லும். புத்திசாலித்தனமா என்று சொல்லாது. அழிந்துகொண்டிருக்கும் ஒரு சந்தைக்கு மிகத் தெளிவாக வாக்குக் கொடுத்து அதோடு சேர்ந்து மூழ்கலாம். அதைச் சோதிப்பது அடுத்த அத்தியாயத்தின் வேலை.

இப்போது தொடக்கத்தில் எழுதிய தாளுக்கு வாருங்கள். எதிர்ச்சொல் போட்டால் மரியாதையான நிறுவனம் எதுவும் சொல்லாத சொற்களை அடியுங்கள். மிஞ்சுவதை வைத்து ஒரே ஒரு பழைய சண்டையைத் தீர்த்துப் பாருங்கள். எதுவும் மிஞ்சவில்லை என்றால் புதிதாக எழுத அவசரப்பட வேண்டாம். முதலில் சுவரில் இருப்பதைக் கழற்றிவிட்டு, அந்த ஆணியை அப்படியே விட்டுவையுங்கள். "இங்க என்னமோ இருந்துச்சே?" என்று உள்ளே இருப்பவர்களில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று ஒரு மாதம் பாருங்கள்.